ஒன்னோவின் வசதியான பூட்ஸ்

சரியான அளவு பனிச்சறுக்கு பூட்ஸ் போட்டவர் யாரும் முதல் நாள் காலையில் சிரித்துக்கொண்டு வருவதில்லை. நேராக நின்றால் கால்விரல் நுனி முன்பக்கம் இடிக்க வேண்டும். முழங்காலை மடித்தால்தான் விரல் கொஞ்சம் விலகும். கணுக்காலைச் சிமெண்டில் வைத்துப் பூசியதுபோல இருக்கும். அதனால் அந்தத் திங்கட்கிழமை நோட்டரி வழக்கறிஞர் டாக்டர் ஒன்னோ, தன் சொந்த பூட்ஸில் வீட்டுச் செருப்பில் நடப்பதுபோல வாகன நிறுத்தத்தைக் கடந்து வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

எங்கள் ரோட்டாவ் சிறிய ஊர். பள்ளத்தாக்கின் கடைசியில் இருக்கும் பெரிய பனிச்சறுக்கு ஊருக்குப் போகிறவர்கள் எல்லாரும் எங்கள் பயிற்சிச் சரிவை ஒட்டித்தான் காரை ஓட்டிப் போவார்கள். அங்கே மூவாயிரம் மீட்டர் உயரத்தில் பனியாறு, மலைக்கு மலை தாவும் லிஃப்டுகள், எங்களிடம் இல்லாத எல்லாமும் உண்டு. எங்களிடம் அகலமான, சோம்பேறித்தனமான ஒரு சரிவு, அதில் ஆளை நிற்கவைத்து மேலே இழுத்துப் போகும் நகரும் விரிப்பு, ஒரு வட்டுக் கயிற்று லிஃப்ட், நடுமலைக்கு ஒரு கேபிள் கார், அங்கிருந்து இறங்க ஒரு நீலப் பாதை. நீலம் என்றால் எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். அவ்வளவுதான். முதல் தடவை வருகிறவருக்கு இதற்கு மேல் தேவையும் இல்லை. ஆனால் இதை அவர்களை நம்பவைப்பதுதான் பெரும்பாடு.

இரண்டு மாதத்துக்கு முன் ஹில்கே என்ற பெண்மணி வடக்கு ஜெர்மனியின் லேர் நகரிலிருந்து, நான் பயிற்சி கொடுக்கும் பனிச்சறுக்குப் பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்திருந்தார். கால்நடை மருத்துவர். பின்னணியில் ஒரு பசு கத்திக்கொண்டிருந்தது.

"உங்க ஊர்ல மொத்தம் எத்தனை கிலோமீட்டர் பாதை இருக்கு?"

"பதினெட்டு. உங்களுக்கு வேண்டியது நானூறு மீட்டர்."

"பக்கத்து ஊர்ல இருநூறுன்னு போட்டிருக்கே."

"இருக்கும். கடல் பெருசா இருக்குன்னு நீச்சல் சீக்கிரம் வந்துடாது."

பசு மறுபடி கத்தியது. "சரி, காலுக்கு ஒண்ணா இரண்டு பலகையா, ரெண்டு காலுக்கும் சேர்த்து ஒத்தைப் பலகையா?"

"ஒத்தைப் பலகைன்னா முதல் மூணு நாள் இடுப்பும் மணிக்கட்டும் உங்களைத் திட்டும், அப்புறம் மடமடன்னு வந்துடும். இரண்டு பலகைன்னா முதல் நாளே நகர்ந்துடலாம், அழகா வர்றதுக்குத்தான் வருஷங்கள் ஆகும்."

"எனக்கு அழகு வேணாம். ஒரு நீலப் பாதையில விழாம இறங்கணும். இரண்டு நாள் வகுப்பு போதுமா?"

"அஞ்சு நாள் எடுங்க. இரண்டாம் நாள் எல்லாம் தெரியும்னு தோணும். மூணாம் நாள் ஒண்ணும் தெரியாதுன்னு தெரியும். நாலாம் நாள்தான் வரும். இரண்டு நாளோட போறவங்க, தப்பான இடத்துல நிறுத்திட்டுப் போறாங்க."

பூட்ஸ், பலகை, தலைக்கவசம் எதையும் வாங்காமல் வாடகைக்கு எடுக்கச் சொன்னேன். முழு மலைக்கான வாரச் சீட்டையும் வாங்க வேண்டாம், விரிப்புக்கும் வட்டு லிஃப்டுக்கும் மட்டும், ஏறும் தடவைக்குத் தக்கபடி புள்ளி கழியும் அட்டை போதும் என்றேன். கடைசியாக அவர் குரலைத் தாழ்த்தி, "என் புருஷன் கூப்பிட்டுக் கேட்டா, நான் வரலைன்னு சொல்லிடுங்க" என்றார். பனிச்சறுக்குப் பள்ளியில் இப்படி ரகசியம் பேசுகிறவர்கள் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேராவது உண்டு. நான் காரணம் கேட்பதில்லை.

ஜனவரி நடுவில் கூட்டம் குறைவு. வயது வந்த புதியவர்களுக்கு அந்த வாரம் ஒரே ஒரு குழுதான், அது என் குழு. புடாபெஸ்டிலிருந்து அதிகம் பேசாத ஒரு தம்பதி, ஹில்கே, ஒன்னோ. எங்கள் பள்ளித் தலைவர் வென்டலின் அலுவலகத்தில் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தபோது, கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்த ஹில்கே வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"ஒன்னோ?"

ஒன்னோ திரும்பினார். ஐம்பத்தைந்து வயது, வெள்ளித் தாடி, பத்து மலைகளின் சின்னங்கள் தைத்த மேலாடை. நீதிமன்றக் குரலில், "ஹில்கே! நீ வெந்நீர்க் குளியல் விடுதியில இருக்கறதா உன் புருஷன் ஹேயோ சொன்னானே" என்றார்.

"நீ மியூனிக்ல மாநாட்டுல இருக்கறதா உன் பொண்டாட்டி சொன்னாளே."

"மாநாடு... இங்கேருந்து பக்கம்தான்."

"இது 'இதுவரை பலகையே மாட்டாதவங்க' குழு, ஒன்னோ."

வென்டலின் காகிதத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

விஷயம் இதுதான். இதில் பாதியை அன்று நகரும் விரிப்பில் நின்றபடி ஹில்கே சொன்னார், மீதியை ஒன்னோவே கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். லேர் நகர நண்பர்கள் ஏழு பேர், பதினைந்து வருடமாக ஜனவரிக் கடைசியில் அந்தப் பெரிய ஊருக்கு வருகிறார்கள். ஒன்னோ அதில் மூத்த வீரர் என்று பெயர். விடியற்காலையில் எல்லாருக்கும் முன் கேபிள் காரில் ஏறிப் போய்விடுவார். மற்றவர்கள் மத்தியானம் மலைவிடுதிக்கு வந்தால், பன்னிரண்டு மணிக்குக் கால் வைக்கவும் இடமில்லாத அந்த விடுதியில், ஜன்னலோர நீள மேசையில் ஏழு நாற்காலியிலும் துணி போட்டுப் பிடித்துவைத்திருப்பார். "காலையிலயே கறுப்புப் பாதையை முடிச்சாச்சு" என்பார். சாயங்காலம் முழங்கால் வலி என்று கேபிள் காரிலேயே இறங்குவார். அவர் சறுக்கி யாரும் பார்த்ததில்லை. அவரும் பார்த்ததில்லை.

ஹேயோ ஹில்கேயைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம்தான் ஆகிறது. இந்த வருடம் அவரையும் முதல்முறையாக அழைத்து வருகிறார். கணவன் மனைவிக்குச் சொல்லிக்கொடுத்தால் பாதி மலையிலேயே விவாகரத்து என்று எல்லாருக்கும் தெரியும். அதனால் ஹேயோ நண்பர்கள் முன்னால் ஒன்னோவின் தோளில் கை போட்டு, "நம்ம கூட்டத்துல பொறுமைசாலி நீதான். ஹில்கேக்கு நீயே கத்துக்கொடுத்துடு" என்று சொல்லிவிட்டார்.

அந்த மாவீரர் முன்னால் கேவலப்படக் கூடாது என்று ஹில்கே ஒரு வாரம் முன்னதாகத் திருட்டுத்தனமாகக் கற்றுக்கொள்ள வந்தார். கற்றுக்கொடுக்க வேண்டிய மாவீரர் அதே காரணத்துக்காக அதே சரிவுக்கு வந்துவிட்டார். பதினைந்து வருடமாகக் கார் ஜன்னலிலிருந்து அவர் பார்த்துக்கொண்டே போன சரிவு அது.

"ஞாயித்துக்கிழமை அவங்க எல்லார் முன்னாலயும் நான் இவளுக்குச் சொல்லிக்கொடுக்கணும். பதினஞ்சு வருஷப் பேரு, டாக்டர் பட்டத்தைவிட எனக்கு அதுதான் பெருசு. சிரிக்காதீங்க" என்றார் ஒன்னோ அன்றே, விரிப்பில் என் பக்கத்தில் நின்றபடி.

"சிரிக்கலை. ஆனா நீங்க, வாங்க எல்லாம் கீழ அலுவலகத்தோட முடிஞ்சுபோச்சு. ஆயிரம் மீட்டருக்கு மேல எங்க ஊர்ல எல்லாரும் நீ, வா, போதான். விரிப்போட பாதியில அந்தக் கோடு வருது, பாத்தியா, அந்த மஞ்சள் கம்பம்? உன் பேரு இனி ஒன்னோ. நான் புர்கி."

கம்பத்தைத் தாண்டும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். டாக்டர் பட்டம் இறங்கிப்போனது கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது போலத் தெரிந்தது.

முதல் வேலையாக அந்த பூட்ஸைக் கழற்றச் சொன்னேன். இரண்டு அளவு பெரிது. உள்ளே இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை வேறு. பலகைகளின் ஓர இரும்பு கடையில் தீட்டிக் கொடுத்தபடியே இருந்தது.

"எவ்வளவு வசதியா இருக்கு தெரியுமா இது?" என்றார் ஒன்னோ பரிதாபமாக.

"விடுதிக்குள்ள நடக்க வசதி. சறுக்க இல்ல. கால் உள்ள நீந்துதுன்னா நீ இடது பக்கம் நினைக்கறது பலகைக்குப் போய்ச் சேராது. போய் வாடகைக்கு ஒண்ணு எடு. ஒரே ஒரு மெல்லிசு காலுறை."

திரும்பி வந்தபோது நொண்டினார். "ரத்தமே ஓடலை புர்கி."

"முழங்காலை மடி."

மடித்தார். "ஓ" என்றார்.

திங்கட்கிழமை எல்லாருக்கும் நன்றாகவே போகும். தட்டையான இடத்தில் ஒற்றைப் பலகையோடு நடந்தோம், பிறகு இரண்டோடு. விழக் கற்றுக்கொண்டோம்: பின்னால் உட்காராமல், பக்கவாட்டில் மலைப் பக்கமாகச் சாய்வது. எழக் கற்றுக்கொண்டோம்: பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே போட்டுவிட்டு எழுவது. இல்லையென்றால் எழும்போதே பலகை கிளம்பிவிடும். பிறகு கலப்பை. பலகைகளின் முனை சேர்ந்து, பின்பக்கம் விரிந்து நின்றால் வேகம் குறையும். எல்லாருக்கும் இதுதான் முதல் பிரேக். பக்கத்தில் நான்கு வயதுக் குழந்தைகள் இதையே பீட்ஸா என்று சொல்லிப் பாடிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"அந்தப் பொடியன் மூணாவது தடவையா என்னைத் தாண்டறான்" என்றார் ஒன்னோ.

"அவனுக்குப் பூமி பக்கத்துல இருக்கு. பயம் கம்மி" என்றேன்.

"அவனுக்குப் பதினஞ்சு வருஷப் பேரும் இல்ல" என்றார் ஹில்கே.

ஹில்கே பிறவிச் சறுக்குக்காரி இல்லை. ஆனால் பசுவின் வயிற்றுக்குள் கைவிட்டுக் கன்றைத் திருப்பி இழுத்த பெண்ணுக்கு வழுக்கலும் பயமும் புதிதல்ல. விழுந்தால் சிரிப்பார், பனியைத் தட்டிவிட்டு மறுபடி விரிப்புக்குப் போவார். ஒன்னோ விழுந்தால் யாராவது பார்த்தார்களா என்று முதலில் சாலையைப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை வட்டு லிஃப்ட். கம்பியின் நுனியில் ஒரு தட்டு தொங்கும், அதைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு நின்றால் இழுத்துப் போகும். "உட்காராதே, நில்லு, இழுக்கட்டும்" என்று மூன்று முறை சொன்னேன். தட்டைப் பார்த்தால் மனிதனுக்கு நாற்காலி ஞாபகம் வந்துவிடுகிறது. ஒன்னோ உட்கார்ந்தார். கம்பி நீண்டது, அவர் பனியில் மெதுவாக அமர்ந்தார், தட்டு தலைக்கு மேல் ஆடிக்கொண்டு தனியாக மேலே போனது.

"அங்கயும் மேசை பிடிக்கப் பாத்தியா?" என்று ஹில்கே மேலிருந்து கத்தினார்.

அன்று இடைவேளையில் ஹில்கே தன் ஊர் வழக்கப்படி குடுவையில் கொண்டுவந்த கெட்டித் தேநீரைக் கற்கண்டின் மேல் ஊற்றிக்கொண்டே பேரம் பேசினார்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், ஒன்னோ. ஆனா ஞாயித்துக்கிழமை பெரிய ஊர்ல, மலைவிடுதிக்குப் போற நீலப் பாதையில நீ என்கூட இறங்கி வரணும். சாப்பாட்டு நேரத்துல, எல்லாரும் பாக்க. கேபிள் கார்ல இல்ல."

"வரலைன்னா?"

"அப்போ நான் எங்க கத்துக்கிட்டேன், யார்கூடன்னு எல்லார்கிட்டயும் சொல்லிடுவேன்."

"நீ கால்நடை டாக்டரா, வட்டிக்கடைக்காரியா?"

"தேநீர் வேணுமா வேணாமா?"

புதன்கிழமை, எல்லாருக்கும் வருவதுபோல, அவர்களுக்கும் வந்தது. இரண்டு நாள் வேலை செய்த தொடை மூன்றாம் நாள் காலையில் வேலைநிறுத்தம் செய்யும். முந்தின நாள் வந்த கலப்பை வராது. களைத்த உடம்பு பயந்து பின்னால் சாயும், பின்னால் சாய்ந்தால் பலகை முன்னால் ஓடும், ஓடினால் பயம் கூடும். எங்கள் பள்ளியில் அன்று மத்தியானம் வகுப்பே வைப்பதில்லை. விபத்துகள் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் நடக்கின்றன என்பது வென்டலினின் கணக்கு.

காலையில் முதல் முறையாக வளைவுகள் செய்தோம். வலது பக்கம் திரும்ப வேண்டுமானால் இடது பலகையின் மேல் பாரத்தைப் போட வேண்டும். உடம்பு இதை நம்பாது. ஒன்னோவின் உடம்பு எதிர்த்து வழக்காடியது. சரிவின் ஓரத்தில் செயற்கைப் பனி தூவும் பனி பீரங்கியைச் சுற்றிக் கட்டிய மெத்தையை நேராகப் பார்த்தார், நேராக அதற்கே போய்ச் சேர்ந்தார்.

"எங்க பாக்கறியோ அங்கதான் போவே. மெத்தையைப் பாக்காதே, இடைவெளியைப் பாரு" என்றேன்.

மெத்தையைக் கட்டிப்பிடித்தபடியே, "போதும்" என்றார். "நான் மியூனிக் போறேன். மாநாட்டுக்கு."

"மாநாடே கிடையாதே."

"ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்கறேன்."

பூட்ஸைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, சாதாரணக் காலணியில் சாலையோரமாக, இருவரும் தங்கியிருந்த விடுதியை நோக்கி நடந்தார். நான் தடுக்கவில்லை. மூன்றாம் நாள் போகிறவர்களில் பாதிப் பேர் தூங்கி எழுந்து திரும்பி வந்துவிடுவார்கள். மீதிப் பாதியைத் தடுத்தாலும் நிற்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் விடுதியின் வெந்நீர்த் தொட்டியில் என்ன நடந்தது என்று ஹில்கே மறுநாள் சொன்னார். ஒன்னோ பெட்டி கட்டிவிட்டு, கால் வலிக்குக் கடைசியாக ஒருமுறை தொட்டியில் இறங்கியிருக்கிறார். ஹில்கேயும் தொடையைப் பிடித்துக்கொண்டு அதே தொட்டியில் கிடந்திருக்கிறார்.

"பதினஞ்சு வருஷமா தினமும் காலையில எட்டரையிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் அந்த மலைவிடுதியில என்ன பண்ணுவே?" என்று ஹில்கே கேட்டாராம்.

"உட்காந்திருப்பேன். பத்திரிகை படிப்பேன். பணிப்பெண்கூடப் பேசுவேன். பதினொண்ணுக்கு மேல ஜன்னல் வழியா பாப்பேன். எல்லாரும் எப்படி வளைஞ்சு வளைஞ்சு வர்றாங்கன்னு. அழகா இருக்கும் ஹில்கே."

"என்னையும் உன் பக்கத்துல உட்கார வெச்சுடுவாங்க. நான் ஜன்னல் வழியா பாக்கத்தான் இவ்வளவு தூரம் வரணுமா? தனியா அந்தப் பாதையில இறங்க எனக்குத் தைரியம் கிடையாது. நீயும் போயிட்டா நான் எங்க போறது?"

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்னோ விரிப்பின் அடியில் நின்றிருந்தார். பூட்ஸ் மாட்டியிருந்தது. சிரிக்கவில்லை. நல்ல அறிகுறி.

நாலாம் நாள் என்ன நடக்கிறது என்று எனக்கு இத்தனை வருடத்திலும் தெரியாது. தூக்கத்தில் கால் எதையோ யோசித்து முடித்துவிடுகிறது. முன்னங்கால் எலும்பு பூட்ஸின் முன்நாக்கை அழுத்த, ஒன்னோ இடது பக்கம் பாரத்தைப் போட்டார், பலகை வலது பக்கம் திரும்பியது. அவர் அதை நம்பாமல் மறு பக்கம் போட்டுப் பார்த்தார். அதுவும் திரும்பியது. மத்தியானம் கேபிள் காரில் நடுமலைக்குப் போய் நீலப் பாதையில் இறங்கினோம். ஹங்கேரித் தம்பதி முன்னால், ஹில்கே நடுவில், ஒன்னோ கடைசியில், அகலமான கலப்பையில், ஒரு குதிரை வண்டியின் வேகத்தில். மூன்று இடத்தில் நின்று தொடைக்கு ஓய்வு கொடுத்தோம். கீழே வந்ததும் ஒன்னோ திரும்பி மலையைப் பார்த்தார்.

"கீழேருந்து பாத்தா சின்னதாத்தான் இருக்கு" என்றார்.

"ஜன்னல் வழியா பாத்தா இன்னும் சின்னது" என்றார் ஹில்கே.

வெள்ளிக்கிழமை பந்தயம். எல்லாப் பனிச்சறுக்குப் பள்ளியிலும் வாரக் கடைசியில் இது உண்டு. குழந்தைகள், பெரியவர்கள், எல்லாக் குழுவும். பயிற்சிச் சரிவில் கொஞ்சம் கொடிக் கம்பங்களை நட்டு, எண் போட்ட மேலாடை கொடுப்போம். வென்டலின் கீழே ஒலிபெருக்கியோடு உட்கார்ந்து ஒவ்வொருவரையும் பெயர், ஊர் சொல்லி உலகக் கோப்பைபோல அறிவிப்பார். எல்லாருக்கும் பதக்கம் உண்டு. நேரம் யாருக்கும் முக்கியமில்லை, நான்கு வயதுக்காரர்களைத் தவிர.

நான் மேலே தொடக்கக் கோட்டில் நின்று ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தேன். ஹில்கேயை அனுப்பினேன். "லேர் நகரத்திலிருந்து ஹில்கே!" என்று மலை எதிரொலித்தது. அப்போதுதான் ஒன்னோ என் கையைப் பிடித்தார்.

"புர்கி. அந்த நீல வேன்."

வாடகைக் கடை வாசலில், சரிவின் வேலியை ஒட்டி, கூரையில் பெட்டி வைத்த நீல வேன் ஒன்று வந்து நின்றது. லேர் நண்பர்கள் வருடாவருடம் வெள்ளிக்கிழமை ராத்திரிதான் அந்தக் கடையில் பலகைக்கு மெழுகு பூசக் கொடுக்க வருவார்கள். அன்று மாலை கடும் பனி பொழியும் என்ற அறிவிப்பைக் கேட்டு விடியுமுன்பே கிளம்பிவிட்டிருக்கிறார்கள். ஆறு பேர் இறங்கினார்கள். ஒருவர் மட்டும் ஒலிபெருக்கியைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், அசையாமல் நின்றுவிட்டார். ஹேயோதான் என்று ஒன்னோ முனகினார். வெந்நீர்க் குளியல் விடுதியில் இருப்பதாக ஹேயோ நம்பிய மனைவி கலப்பை போட்டு இறங்கிக்கொண்டிருந்தார், ஐந்தாவது கொடியைத் தாண்டி.

"என்னால முடியாது. முழங்கால்..." என்றார் ஒன்னோ.

"எந்த முழங்கால்?"

இரண்டையும் பார்த்தார்.

"பலகையைக் கழட்டிட்டு அந்த மரங்களுக்குப் பின்னால நடந்தா சாலைக்குப் போயிடலாம். குழந்தைங்க அவசரத்துக்குப் போற வழி. யாரும் பாக்க மாட்டாங்க" என்றேன். உண்மையைச் சொன்னேன். ஒரு மனிதனைப் பயத்தோடு சரிவில் தள்ளிவிடுவது என் தொழில் இல்லை.

அவர் மரங்களைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். அங்கே ஹில்கே கோட்டைத் தாண்டி நின்று, வேலிப் பக்கம் திரும்பாமல், தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், மேலே எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கி கரகரத்தது. வென்டலினுக்கு இதில் இருந்த மகிழ்ச்சி குரலிலேயே தெரிந்தது. "அடுத்து, இவரும் லேர் நகரத்திலிருந்து! டாக்டர் ஒன்னோ!"

"ஆயிரத்துக்கு மேல டாக்டர் கிடையாதுன்னு அவர்கிட்ட சொல்லு" என்றார் ஒன்னோ, கம்பைப் பனியில் ஊன்றித் தள்ளினார்.

கடைசியாக நின்ற பொடியனையும் அனுப்பிவிட்டு, நான் கொஞ்சம் விட்டுப் பின்னாலேயே இறங்கினேன். முதல் கொடியில் பின்னால் சாய்ந்தார், நினைவு வந்து முன்னால் வந்தார். மூன்றாவது கொடியில் பனி பீரங்கியின் மெத்தை கண்ணில் பட்டது. பார்வையைப் பிய்த்து இடைவெளிக்குக் கொண்டுவந்தார். அதன்பிறகு வளைவுக்கு வளைவு, கதவைச் சாத்தித் திறப்பதுபோல, நிதானமாக. அவருக்குப் பின் கிளம்பிய பொடியன் பாடிக்கொண்டே தாண்டிப் போனான். கோட்டைத் தாண்டி அகலக் கலப்பையில் நின்றார். விழவில்லை.

வேலிக்கு அப்பால் ஆறு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஒன்னோ அவர்களைப் பார்த்தபடி தண்டனைக்குக் காத்திருப்பவர்போல நின்றார். கடைசியில் கம்பளித் தொப்பி போட்ட பருமனான ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

"அட பாவி ஒன்னோ! இனிமே எங்களுக்கு யாருடா மேசை பிடிப்பா?"

சிரிப்பு வெடித்தது. ஒன்னோவுக்கு மட்டும் புரியவில்லை.

"உங்களுக்கு... தெரியுமா?"

"முதல் வருஷமே தெரியும். உன் பூட்ஸ் தரையில தேய்ஞ்சிருந்துது, பலகை தேயவே இல்ல. அந்த ஜன்னலோர மேசைக்கு ஊரே அடிச்சுக்கும். அதைக் கெடுத்துக்கவா உன்னைக் கேப்போம்? வருஷா வருஷம் உன் முழங்கால் வலி போயிடக் கூடாதுன்னு நாங்கதான் வேண்டிக்கிட்டோம்."

ஒன்னோ பலகையோடு பனியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தாடியில் தெரியவில்லை. சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

சிரிக்காமல் நின்றவர் ஹில்கே. தலைக்கவசத்தை மெதுவாகக் கழற்றினார்.

"ஹேயோ. இவனுக்குச் சறுக்கத் தெரியாதுன்னு உனக்கு முன்னாலயே தெரியும்?"

ஹேயோவின் சிரிப்பு பாதியில் நின்றது. "அது... எல்லாருக்கும் தெரியும், கண்ணு."

"அப்புறம் எதுக்கு என்னை இவன்கிட்ட ஒப்படைச்சே?"

வேலியில் மற்ற ஐந்து பேரும் திடீரென்று கடையின் ஜன்னலில் இருந்த விளம்பரங்களைப் படிக்க ஆரம்பித்தார்கள்.

"உனக்குப் பயமா இருக்கும்னு நினைச்சேன். ரெண்டு பேரும் விடுதியில கதகதப்பா உட்காந்திருக்கலாம், அங்க கைசர்ஷ்மாரன்னு பிச்சுப் போட்ட இனிப்பு அப்பம் நல்லா இருக்கும், பிளம் ஜாம் போட்டு..."

"நீ நிம்மதியா வாரம் முழுக்கச் சறுக்கலாம்."

"அப்படி இல்ல..."

"நான் கத்துக்க மாட்டேன்னு நீயே முடிவு பண்ணிட்டே. என்னைக் கேக்காமலே."

"நீ மட்டும்? வெந்நீர்க் குளியலுக்குப் போறேன்னு சொன்னியே!"

"தினமும் சாயங்காலம் வெந்நீர்லதான் கிடந்தேன். என் தொடையைக் கேளு."

ஹேயோ ஆதரவு தேடி என்னைப் பார்த்தார். நான் கொடிக் கம்பங்களைப் பிடுங்கக் கிளம்பினேன். ஆனால் காது கேட்கும் தூரத்தில்தான் பிடுங்கினேன்.

"ஞாயித்துக்கிழமை நானும் ஒன்னோவும் நீலப் பாதையில இறங்கி விடுதிக்குச் சாப்பிட வர்றோம். எங்களுக்கு நேரம் ஆகும், தொடைக்கு ஓய்வு கொடுத்துக் கொடுத்துத்தான் வருவோம். ஜன்னலோர மேசை வேணும்" என்றார் ஹில்கே.

"ஞாயித்துக்கிழமை பதினொண்ணுக்கே அங்க இடம் கிடைக்காதே" என்றார் ஹேயோ.

பனியில் உட்கார்ந்திருந்த ஒன்னோ, பதினைந்து வருட அனுபவம் குரலில் ஒலிக்க, "எட்டரைக்கே போகணும். முதல் கேபிள் கார்" என்றார். "பணிப்பெண் பேரு வால்ட்ரவுட். குழந்தைங்களை விசாரி. நாற்காலி மேல கையுறை மட்டும் போட்டா எடுத்துடுவாங்க, கோட்டு போடணும். பத்திரிகை நீயே கொண்டுபோ."

பதக்கம் வாங்க வென்டலின் இருவரையும் அழைத்தார். ஒன்னோ கடைசிக்கு முந்தின இடம். கடைசி இடம் ஹில்கேக்கு, ஐந்தாவது கொடிக்கு அப்புறம் வேலிப் பக்கம் பார்த்துவிட்டதால். பெரிய ஊருக்குப் போனதும் முதல் நாளே உயரத்துக்குப் போகாதீர்கள், அங்கேயும் இரண்டு நாள் அரைநாள் வகுப்பு எடுங்கள், ஒரு மலையின் நீலம் இன்னொரு மலையின் சிவப்புபோல இருக்கும் என்று சொல்லி அனுப்பினேன். தன் பழைய பூட்ஸை ஒன்னோ எங்கள் அலுவலகத்திலேயே விட்டுப்போனார். வென்டலின் பனி வாரும்போது அதைத்தான் போட்டுக்கொள்கிறார். ரொம்ப வசதி என்கிறார்.

ஞாயிறு மத்தியானம் ஹில்கேயிடமிருந்து ஒரு படம் வந்தது. ஜன்னலுக்கு வெளியிலிருந்து எடுத்தது. கண்ணாடிக்குப் பின்னால் நீள மேசை, ஏழு நாற்காலியிலும் ஏழு கோட்டு. எட்டாவது நாற்காலியில் ஹேயோ, எதிரே பத்திரிகை, பக்கத்தில் நிற்கும் பணிப்பெண்ணிடம் எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஒன்னோவிடமிருந்து ஒரு வரி. "புர்கி, இந்த பூட்ஸ் உயிரை எடுக்குது."

நல்லது என்று பதில் எழுதினேன்.